51-க்கு 41

எனக்கு நானே கேள்வித்தாள் தயாரித்து, நானே உட்கார்ந்து எழுதி, நானே சிவப்புப் பேனா பிடித்துத் திருத்தி, 51-க்கு 41 வாங்கியவன் நான். அதே விடைத்தாளைக் கொஞ்ச நாள் ஆறப்போட்டுவிட்டு ஒழுங்காகத் திருத்தியபோது 29 வந்தது. தாளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த 12 மதிப்பெண்ணைத் தின்றது யார் என்று தேடிப் போனதில் வெளிப்பட்ட அவமானங்கள்தான் கீழே வருபவை.

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. படித்தது மெக்கானிக்கல். "படிப்பு முடிஞ்சுதா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "முடிஞ்ச மாதிரிதாங்க" என்பேன். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், பையன்கள் வாயில் சோம், அரியராக என் கூடவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மற்ற பேப்பர் எல்லாம் போய்விட்டது. இது மட்டும் போக மாட்டேன் என்றது.

ஒவ்வொரு தடவையும் நோட்டைப் படித்துவிட்டுத்தான் போனேன். அதுதான் சிக்கல் என்பது வெகுநாள் புரியவில்லை. நோட்டில் ஒரு கணக்கைப் பார்க்கும்போது "ஆமாம், தெரியும்" என்று தலை ஆடும். வெறும் தாளில் அதே கணக்கைப் போடச் சொன்னால் முதல் வரிக்குமேல் கை நகராது. ஆகவே இந்த முறை படிப்பதைக் குறைத்து, நோட்டிலிருந்தே ஒரு மாதிரித் தேர்வு தயாரித்து நேரம் வைத்து எழுதுவது என்று முடிவு செய்தேன். முடிவு நல்ல முடிவுதான். அதைச் செயல்படுத்திய ஆளைப் பற்றித்தான் எனக்குப் புகார்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன்படி எங்கள் தாளின் அமைப்பு இது. பார்ட் ஏ-வில் 10 டூ மார்க், 20 மதிப்பெண். பார்ட் பி-யில் 13 மார்க் கேள்விகள் ஐந்து, 65 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்று ஒரு சாய்ஸ். பார்ட் சி-யில் ஒரே ஒரு 15 மார்க். மொத்தம் 100, மூன்று மணி நேரம். பாடத்தில் ஐந்து யூனிட்: தகைவு, திரிபு முதல் யூனிட், பீம் இரண்டாவது, முறுக்கமும் ஸ்பிரிங்கும் மூன்றாவது, பீம் எவ்வளவு வளைகிறது என்பது நான்காவது, சிலிண்டர்கள் ஐந்தாவது.

முதல் தாளை நோட்டைப் புரட்டிக்கொண்டே எழுதினேன். அடிக்கோடு போட்ட இடமெல்லாம் கேள்வியானது. ஒரு பக்கத்தில் ஏன் அடிக்கோடு போட்டிருப்போம்? அந்த இடம் புரிந்திருக்கும், அதனால்தான். ஆக, எனக்குப் புரிந்ததை மட்டும் பொறுக்கி எடுத்து எனக்கே கேள்வியாக வைத்திருக்கிறேன். இதைவிடப் பெரிய கூத்து, தாளை முடித்துவிட்டுப் பார்த்தால் மூன்றாம் யூனிட்டிலிருந்து ஒரு கேள்வியும் இல்லை. காரணம் எளியது. முறுக்கமும் ஸ்பிரிங்கும் நடத்திய நாட்களில் நான் வகுப்பில் இல்லை. வகுப்பில் இல்லாததால் நோட்டில் இல்லை. நோட்டில் இல்லாததால் தேர்விலும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இந்த விவரம் தெரியாது.

அதற்குப் பிறகு நோட்டைத் திறப்பதற்கு முன்பு வெள்ளைத் தாளில் ஒரு கட்டம் போட ஆரம்பித்தேன். இடப்பக்கம் ஐந்து யூனிட், மேலே டூ மார்க், 13, 15 என்று மூன்று பத்தி. சிலபஸைப் பார்த்து எந்தக் கட்டத்தில் எத்தனை மதிப்பெண் என்று முதலில் நிரப்பிவிட வேண்டும். நோட்டு அதற்கு அப்புறம். கட்டம் காலியாக இருந்து நோட்டில் விஷயம் இல்லையென்றால், யாரிடமாவது ஜெராக்ஸ் வாங்கத்தான் வேண்டும். சாய்ஸ் வைப்பதையும் நிறுத்தினேன். ஏனென்றால் நான் வைத்த சாய்ஸில் (அ) எனக்கு மனப்பாடமான கணக்காகவும், (ஆ) சும்மா இடத்தை நிரப்ப வந்ததாகவும் இருந்தது. யாரை ஏமாற்றினேன் என்று கேட்காதீர்கள். அறையில் வேறு யாரும் இல்லை.

அடுத்த கோளாறு எண்களில். நோட்டில் போட்ட கணக்கை அப்படியே கேள்வியாக எடுத்தால் விடை ஞாபகத்திலிருந்து வந்துவிடுகிறது. பேராசிரியர் போட்ட கணக்கில் கடைசி வரி 73.2 மில்லிமீட்டர் என்று வரும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நடுவில் எங்கே தடுமாறினாலும் 73.2-க்கு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுவேன். சரி, எண்ணை மாற்றுவோம் என்று இறங்கினேன். அது தடிமன் சிலிண்டர் கணக்கு. உள்விட்டம் 200 மில்லிமீட்டர், உள்ளே அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 8 நியூட்டன், உலோகத்தில் அனுமதிக்கும் தகைவு 16 நியூட்டன். சுவர் எவ்வளவு கனம் வேண்டும்? நான் அழுத்தத்தை 20 ஆக்கினேன். 'கொஞ்சம் கஷ்டமாக இருக்கட்டும்' என்ற பெருந்தன்மை.

கடிகாரம் ஓடுகிறது. லாமே சமன்பாட்டை எழுதினேன், மாறிலிகளைக் கண்டுபிடித்தேன், வெளி ஆரத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டிய இடத்தில் உள்ளே மைனஸ் வந்து நின்றது. அடித்தேன். திரும்பப் போட்டேன். திரும்பவும் மைனஸ். குறி மாற்றிப் பார்த்தேன், கால்குலேட்டரில் பேட்டரி போய்விட்டதா என்றுகூடப் பார்த்தேன். அன்றைய தேர்வு அங்கேயே முடிந்தது.

மறுநாள் பட்டறையில் சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். அவர் தாளை வாங்கி ஒரே பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உள்ள இருபது அழுத்துதுங்க தம்பி. உங்க உலோகத்துக்குப் பதினாறுதான் விட்டிருக்கீங்க. எத்தனை கனமா ஊத்தினாலும் உள்சுவர்ல பதினாறைத் தாண்டித்தானுங்க நிக்கும். இதை எவன் கேள்வியா வெச்சான்?"

நான் எவன் என்று சொல்லவில்லை.

அவர் சொன்னது லாமே சமன்பாட்டிலேயே இருக்கிறது. உள்சுவரில் வரும் வளையத் தகைவு, சுவரை எவ்வளவு கனமாக்கினாலும், அழுத்தத்தைவிட எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும். வெளி ஆரத்துக்கும் உள் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம் என்பது தகைவையும் அழுத்தத்தையும் கூட்டியதை, தகைவிலிருந்து அழுத்தத்தைக் கழித்ததால் வகுத்தது. 16-ஐயும் 8-ஐயும் போட்டால் 24-ஐ 8-ஆல் வகுத்து 3 வரும். அதன் வர்க்கமூலம் 1.732, உள் ஆரம் 100 என்றால் வெளி ஆரம் 173.2; சுவர் 73.2. நான் போட்டபடி 16-லிருந்து 20-ஐக் கழித்தால் கீழே மைனஸ் 4. கணக்கு என்னைக் கைவிடவில்லை. இப்படி ஒரு குழாய் உலகத்தில் செய்ய முடியாது என்று மூன்று தடவை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறது. நான்தான் பேட்டரியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. மாற்றிய எண்ணுக்குக் கணக்கு வருமா என்று பார்க்க வேண்டுமானால் கேள்வியை முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்துவிட்டால் விடை தெரிந்துவிடும். அப்புறம் அது என்ன தேர்வு?

அறைத்தோழன் பி.காம் படித்தவன். பீம் என்றால் அவனுக்கு மகாபாரதம்தான். அவனைத்தான் பிடித்தேன். கேள்வியில் எண் வரும் இடங்களை வெறுமையாக விட்டு, ஓரத்தில் எல்லையை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: சுமை 10-லிருந்து 30-க்குள், தூரம் பீமின் நீளத்தைத் தாண்டக் கூடாது, சிலிண்டரில் தகைவு அழுத்தத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. எண்களை அவன் நிரப்பி, தாளை மடித்து வைத்துக்கொள்வான். "இதுல எனக்கு என்னடா கிடைக்கும்?" என்றான். ஒரு பரோட்டாவில் ஒப்பந்தம் முடிந்தது.

அப்படியானால் விடைக்குறிப்பு? எண் தெரியாமல் விடை எழுத முடியாதே என்று தோன்றும். தேவையில்லை. மதிப்பெண் பிரியும் விதத்தை எண் இல்லாமலேயே எழுதலாம். எழுத வேண்டியதும் அப்படித்தான். பீம் கணக்கு 13 மார்க் என்றால் இரண்டு முனைத் தாங்குவிசைக்கு 3, ஷியர் ஃபோர்ஸ் மதிப்புகளுக்கு 3, அதன் படத்துக்கு 2, ஷியர் பூஜ்யமாகும் இடத்தைக் கண்டுபிடிக்க 2, அங்கே பெண்டிங் மொமென்ட்டின் உச்ச மதிப்புக்கு 2, அதன் படத்துக்கு 1. இதைத் தேர்வு எழுதுவதற்கு முன்பே தனித்தாளில் எழுதி மூடி வைத்துவிட வேண்டும். எழுதிய பிறகு இந்தப் பிரிப்பைச் செய்தால், நாம் எந்தப் படியை ஒழுங்காக எழுதினோமோ அந்தப் படிக்கு மதிப்பெண் கூடிவிடும். எப்படித் தெரியும் என்றால், எனக்குக் கூடியிருக்கிறது.

அடுத்தது நேரம். முழுத் தேர்வுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்தவனுக்குச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதுவும் துணி துவைத்த பிறகு. ஆகவே பாதித் தாள் போதும் என்று வைத்தேன். ஐந்து டூ மார்க், இரண்டு 13, ஒரு 15. கூட்டினால் 51. மொய் எழுதுவதுபோல் ஒரு ரூபாய் கூடுதலாக வந்து நின்றது. அழகுக்காக அதை 50 ஆக்கவில்லை. 15-ஐ 14 ஆக்கினால் உண்மைத் தேர்வின் கேள்வி எடை மாறிவிடும். 180 நிமிடத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 51-க்கு 92 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். டூ மார்க் ஐந்துக்கும் சேர்த்து 18 நிமிடம், 13 மார்க் ஒன்றுக்கு 23, 15 மார்க்குக்கு 27. பெரிய கேள்விகளுக்கு ஒரு தாளில் இரண்டு, நான்கு, ஐந்தாம் யூனிட். அடுத்த தாளில் ஒன்று, மூன்று, கூடவே பழையதில் ஒன்று.

கடிகாரத்தில் நான் செய்த தில்லுமுல்லுகளை எழுதினால் இடம் போதாது. போன் வந்தால் நிறுத்தினேன். டீ குடிக்க நிறுத்தினேன். ஒரு தடவை யோசிப்பதற்காக நிறுத்தினேன். தேர்வு என்பதே யோசிப்பதுதானே என்று அப்போது உறைக்கவில்லை. கடைசியில் போனை அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். சுவர்க் கடிகாரத்தில் பாஸ் பட்டன் இல்லை. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் மார்ஜினில் மணி என்ன என்று எழுதிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அந்த மார்ஜின் எண்கள்தான் பின்னால் என்னைக் காட்டிக்கொடுத்தன.

இப்போது அந்த 41-க்கு வருகிறேன்.

பீம் கணக்கு இப்படி இருந்தது. 6 மீட்டர் நீளப் பீம், இரு முனையிலும் தாங்கி. நீளம் முழுக்க மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பரவிய சுமை. இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 20 கிலோநியூட்டன் ஒற்றைச் சுமை. மொத்தச் சுமை 80. வலது முனையை வைத்து மொமென்ட் எடுத்தால் இடது தாங்குவிசை 43.33, மீதி 36.67 வலப்பக்கம். இதுவரை பிசகில்லை. உச்ச பெண்டிங் மொமென்ட் எங்கே? ஒற்றைச் சுமை இருக்கும் இடத்தில்தானே இருக்கும் என்று, யோசிக்காமல், 2 மீட்டரில் போட்டேன்: 66.67 கிலோநியூட்டன் மீட்டர். படத்தை அழகாக வரைந்து, உச்சியில் வட்டம் போட்டு முடித்தேன்.

ஷியரைப் பார்த்திருக்க வேண்டும். 2 மீட்டரில் சுமைக்குச் சற்று முன்பு ஷியர் 23.33; சுமையைத் தாண்டியதும் 3.33. பூஜ்யம் இன்னும் வரவில்லை. மீட்டருக்கு 10 வீதம் குறைந்து, 2.333 மீட்டரில்தான் பூஜ்யமாகிறது. உச்ச மொமென்ட் அங்கே, 67.22. இடப்பக்கத்திலிருந்து போட்டாலும் வலப்பக்கத்திலிருந்து போட்டாலும் 67.22 வர வேண்டும், வருகிறது. விடை சரியா என்று பார்க்க வேறு ஆள் தேவையில்லை, மறுமுனையிலிருந்து ஒருமுறை வந்தால் போதும்.

எழுதி முடித்த கையோடு திருத்தியபோது இந்த இடத்தைப் பார்த்தேன். 66.67-க்கும் 67.22-க்கும் என்ன பெரிய வித்தியாசம், ஒரு சதவீதம்கூட இல்லை, பட்டறையில் யாராவது இதைப் பார்ப்பார்களா என்று எனக்கு நானே வாதாடி 13-க்கு 13 போட்டேன். வழக்கறிஞரும் நீதிபதியும் ஒரே ஆள். குறிப்பின்படி திருத்தினால் ஷியர் பூஜ்யமாகும் இடத்துக்கு 2, உச்ச மதிப்புக்கு 2, நான்கும் போச்சு. 9. மதிப்பு தற்செயலாகப் பக்கத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒற்றைச் சுமை 20-க்குப் பதில் 10 என்று அறைத்தோழன் எழுதியிருந்தால் வண்டவாளம் அங்கேயே தெரிந்திருக்கும்.

டூ மார்க்கிலும் இதே கதை. பாயின்ட் ஆஃப் கான்ட்ராஃப்ளெக்ஷர் என்றால் என்ன? 'பெண்டிங் மொமென்ட் பூஜ்யமாகும் புள்ளி' என்று எழுதி முழுசாக 2 போட்டுக்கொண்டேன். பூஜ்யமாவது ஒரு மதிப்பெண். அந்த இடத்தில் மொமென்ட் குறி மாற வேண்டும் என்பது இன்னொன்று. எளிய தாங்கிகளின் முனையிலும் மொமென்ட் பூஜ்யம்தான், அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'இது எனக்குத் தெரியுமே' என்று அப்போது தோன்றியது உண்மை. தெரியும்தான். தாளில் இல்லை. எழுதிய சூட்டில் திருத்தினால் தாளில் இல்லாததும் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் ஆறப்போட வேண்டியிருக்கிறது. முறுக்கச் சமன்பாட்டின் அனுமானங்களில் ஒன்று, மெல்லிய சிலிண்டருக்கும் தடிமன் சிலிண்டருக்கும் உள்ள வேறுபாட்டில் ஒன்று என்று பார்ட் ஏ 10-லிருந்து 7-க்கு இறங்கியது.

சிலிண்டர் கணக்கில் (இந்தத் தடவை செய்யக்கூடிய சிலிண்டர்) உள்விட்டம் 200 என்றிருந்ததை ஆரமாக எடுத்துக்கொண்டேன். சுவரின் கனம் சரியாக இரண்டு மடங்கு வந்தது. எடுத்த விவரத்துக்கு 2, கடைசி விடைக்கு 2 போனது. நடுவில் உள்ள படிகளுக்குக் கைவைக்கவில்லை. தப்பான எண்ணோடு சரியாகப் போட்ட படிக்கு மறுபடி தண்டிக்கக் கூடாது என்று குறிப்பிலேயே எழுதியிருந்தேன், அந்த ஒரு நியாயம் என்னிடம் இருந்தது. தகைவு எப்படிப் பரவுகிறது என்ற படத்தைப் பிறகு வரைவோம் என்று விட்டது, விட்டதுதான், அதில் 3. ஆக 15-க்கு 8. நான் முதலில் போட்டிருந்தது 10.

பீமின் வளைவைக் கண்டுபிடிக்கும் மெக்காலே முறைக் கணக்கில் தாங்குவிசையும் மொமென்ட் சமன்பாடும் எழுதியிருந்தேன், அதற்கு 5. தொகையிடுவது, மாறிலிகள், கடைசி வளைவு எல்லாம் காலி. 'மீதி எனக்கு வரும்' என்று பக்கத்தில் எழுதி 8 போட்டிருந்தேன். பல்கலைக்கழகத் தாளில் அப்படி எழுதினால் திருத்துபவர் சிரிப்பார், போட மாட்டார்.

இந்த மதிப்பெண் தாளில் முதலில் கேள்வி எண், மொத்தம், வாங்கியது என்று மூன்று பத்திதான் வைத்திருந்தேன். கூட்டுத்தொகையைக் கீழே எழுதிக் கட்டம் கட்டி, அறைத்தோழனிடம் காட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு இரண்டு பத்தி சேர்த்தேன். ஒன்று, ஆன நிமிடம். மற்றது, ஏன் போச்சு என்பது. அதற்கு நான்கே காரணம்தான் அனுமதி: தெரியாது, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, சரிபார்க்காமல் ஊகித்தது, நேரம் இல்லை. 'கவனக்குறைவு' என்ற காரணத்தை வேண்டுமென்றே விட்டேன். அதை எழுதினால் எல்லாத் தப்பும் அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

போன 22 மதிப்பெண்ணைப் பிரித்தபோது தாளில் வராததையும் தெரியாததாகவே கணக்கிட்டால், தெரியாததால் போனது 3. விட்டத்தை ஆரமாகப் படித்ததில் 4. உச்சம் இங்கேதான் என்று ஊகித்ததில் 4. மீதி 11-ம் நேரம். மெக்காலேயில் 8, வரையாத படத்துக்கு 3. இத்தனைக்கும் அன்றுவரை என் திட்டம் என்னவென்றால், நான்காம் யூனிட் நோட்டை இன்னொரு தரம் ஆரம்பத்திலிருந்து படிப்பது.

நிமிடப் பத்தியைப் பார்த்தேன். பார்ட் ஏ 22 நிமிடம், நான்கு கூடுதல். சிலிண்டர் 25, பரவாயில்லை. பீம் கணக்கு 38. ஒதுக்கியது 23. கடைசியாகத் தொட்ட மெக்காலேவுக்கு மிஞ்சியது 7 நிமிடம். பீமில் 15 நிமிடம் எங்கே போனது என்று விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்தது: ஷியர் படம் பென்சில், ஸ்கேலோடு, அளவு வைத்து, உள்ளே சாய்கோடு நிழலோடு, சாமி படம்போல் இருந்தது. அந்தப் படத்துக்கு மொத்தமே 2 மதிப்பெண். நிமிடப் பத்தி இல்லாத பழைய தாளில் இதுதான் என் பலமான கேள்வியாகத் தெரிந்திருக்கும், 13-க்கு 13. நான்காம் யூனிட் என் பலவீனம் என்று எழுதியிருப்பேன். உண்மையில் நான்காம் யூனிட்டைக் கொன்றது இரண்டாம் யூனிட்.

அதற்கடுத்த தாள்களில் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை என்றே சொல்லலாம். படத்தைக் கையால் வரைந்து மதிப்புகளை மட்டும் எழுதினேன், ஷியர் பூஜ்யமாகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் மொமென்ட் பக்கம் போகவில்லை, 23 நிமிடம் ஆனதும் வாக்கியம் பாதியில் நின்றாலும் அடுத்த கேள்விக்குப் போனேன். மதிப்பெண் ஏறியதா என்றால், ஏறி, இறங்கி, ஏறியது. நானே தயாரித்த தாளில் நான் வாங்கும் மதிப்பெண் வெளியே செல்லுபடியாகாது என்பதால் அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. கேள்வியின் தோரணை என்னுடையதாகவே இருக்கும் என்ற குறை எண்ணை மாற்றினாலும் போகாது. அதற்காகக் கடைசித் தாளுக்குப் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டேன். அதில் என் தாள்களைவிடக் குறைவாகத்தான் வந்தது.

அரியர் போய்விட்டது. பி கிரேடு; எங்கள் ரெகுலேஷனில் பாஸ் என்று சொல்லக்கூடியதில் கடைசிப் படி அதுதான். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும், இன்னும் இரண்டு அரியர் வைத்திருக்கும் தம்பி ஒருவன் என் கேள்வித்தாள்களைக் கேட்டான். கட்டம் போட்ட தாளையும் காலி மதிப்பெண் தாளையும் கொடுத்தேன். கேள்விகளைக் கொடுக்கவில்லை; அவற்றை அவன்தான் எழுத வேண்டும். எண்களை நிரப்ப ஒரு பி.காம் ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பரோட்டா விலை இப்போது ஏறியிருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன்.